பட்டனில் என்ன எழுதுவது: ஆம்பூர் செருப்புக் கடை ஒன்றின் செக்அவுட் பக்கம்

ஆன்லைன் கடையில் பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமலே போகிறவர்களைப் பற்றி டென்மார்க்கின் பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்து வருகிறது. உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து அவர்கள் சொல்லும் சராசரி சுமார் 70 சதவீதம். இதில் பெரும் பங்கு சும்மா விலை பார்க்க வந்தவர்கள். அவர்களை எந்த வாசகமும் பிடித்து நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது. நான் இங்கே எழுதுவது மற்றவர்களைப் பற்றி. வாங்கத்தான் வந்தார்கள், பணமும் இருந்தது, ஆனால் திரையில் இருந்த ஒரு வரி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது.

வேலூரில் இருந்துகொண்டு சின்னக் கடைகளின் வெப்சைட்டுகளுக்கு வாசகம் எழுதுவது என் தொழில். போன வருடம் ஆம்பூரில் ஒரு கடைக்கு எழுதினேன். எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துவந்த குடும்பம், இப்போது தங்கள் பெயரிலேயே தோல் செருப்பு தைத்து விற்கிறார்கள். கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். சைட் ரெடிமேட் தீமில் போட்டது. செக்அவுட்டில் இருந்த தமிழும் அந்தத் தீமோடு வந்ததுதான், யாரும் உட்கார்ந்து எழுதியது இல்லை.

பாய்க்கு ஒரே சந்தேகம்தான்: "வெலதான் தம்பி காரணம். நூறு ரூவா கொறச்சுப் பாப்போமா?"

விலையைக் குறைப்பதற்கு முன்னால், ஆட்கள் எந்த இடத்தில் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸில் இதற்கென்றே நான்கு நிகழ்வுகள் உண்டு: செக்அவுட் தொடங்கினால் `begin_checkout`, முகவரி கொடுத்து முடித்தால் `add_shipping_info`, பணம் கட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால் `add_payment_info`, வாங்கி முடித்தால் `purchase`. ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் மிச்சம் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பாய் கடையில் இரண்டு இடத்தில் பெரிய சரிவு. ஒன்று முகவரிப் பக்கம், இன்னொன்று கடைசி பட்டன். செருப்பின் விலையைப் பொருள் பக்கத்திலேயே பார்த்துவிட்டுத்தான் முகவரி வரைக்கும் வருகிறார்கள். அங்கே வந்த பிறகு போகிறார்கள் என்றால், அதற்குச் செருப்பின் விலை காரணமாக இருக்க முடியாது.

எண்கள் இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. அதற்கு ஆட்களின் பக்கத்தில் உட்கார வேண்டும். காட்பாடி, குடியாத்தம், சத்துவாச்சாரி என்று தெரிந்தவர் தெரியாதவர் சிலரைப் பிடித்து, அவரவர் போனிலேயே ஒரு ஜோடி செருப்பை ஆர்டர் போடச் சொன்னோம். பணம் பாய் கொடுத்தார். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பது மட்டும்தான் நிபந்தனை. நடுவில் நாங்கள் உதவ மாட்டோம்.

முதல் முட்டுக்கட்டை பெயரிலேயே வந்தது. முகவரிப் பாரத்தில் `First name`, `Last name` என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். காட்பாடியைச் சேர்ந்த ஒரு டீச்சர் முதல் கட்டத்தில் தன் பெயரையும் இரண்டாவதில் இனிஷியலையும் போட்டார். "குறைந்தது 2 எழுத்துகள் தேவை" என்று சிவப்பில் வந்தது. ஒரு புள்ளி சேர்த்துப் பார்த்தார். "சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை" என்றது. அப்பா பெயரை முழுதாகப் போட்டார். பிறகு, "பார்சல் எங்க அப்பா பேருக்குப் போயிடாதே?" என்று என்னைக் கேட்டார். நம் ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. பார்சலைக் கொண்டுவருகிறவருக்கு வேண்டியது கூப்பிட ஒரு பெயர். அதனால் இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டு, ஒரே கட்டம் வைத்து "பெயர்" என்று எழுதினோம். கீழே சின்னதாக, "பார்சலில் எப்படி எழுத வேண்டுமோ அப்படி" என்று ஒரு வரி. நீளக் கட்டுப்பாடு, குறிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

அடுத்தது கதவு எண். தமிழ்நாட்டில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். மக்கள் 14/7 என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சாய்கோட்டையும் பாரம் ஏற்க மறுத்தது. இங்கே வாசகத்தை மாற்றுவதற்கு முன்னால் விதியை மாற்ற வேண்டும். நியாயமில்லாத விதியை எவ்வளவு இனிமையாக எழுதினாலும் அது நியாயமாகாது. டெவலப்பர் அந்தத் தடையை எடுத்த பிறகு, கட்டத்தின் பெயரை "வீட்டு எண் (பழையது, புதியது எதுவானாலும்), தெரு" என்று வைத்தோம்.

மாவட்டத்தில்தான் மிக அதிகம் பேர் நின்றார்கள். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின; ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டைக்கு. தீமில் இருந்த பட்டியலோ அதற்கு முந்தையது, அதில் வேலூர் மட்டும்தான் உண்டு. ஆற்காட்டுக்காரர் ஒருவர் அந்தப் பட்டியலை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளித் தேடினார். "ராணிப்பேட்ட இல்லியே, வேலூர்னு போட்டா வேற எங்கியாவது போயிடுமா?" என்றார். அடுத்து உட்கார்ந்த பெரியவருக்கு அதற்கும் முந்தைய கணக்கு. 1989-இல் பிரிந்துபோன வடாற்காடு மாவட்டத்தைத்தான் இன்றும் கடிதங்களில் எழுதுகிறவர் அவர். பட்டியலைப் புதுப்பித்தாலும் சிக்கல் தீராது. ஆதாரில் வேலூர் என்றிருக்கும், வீட்டு வரி ரசீதில் திருப்பத்தூர் என்றிருக்கும், போதாக்குறைக்குச் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது.

அப்போதுதான் பாயிடம் கேட்டேன், இந்த மாவட்டம் யாருக்கு வேண்டும் என்று. கூரியர்காரர்கள் பின்கோடை வைத்துத்தான் பார்சலைப் பிரிக்கிறார்கள். ஜிஎஸ்டி பில்லுக்கு மாநிலம் வேண்டும். மாவட்டத்தைப் பாய் கடையில் யாருமே பயன்படுத்தவில்லை. கட்டத்தையே எடுத்துவிட்டோம். பாரத்து வாசகத்தை எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கட்டம் எதற்கு என்பதுதான். அதற்கு ஒரே வரியில் பதில் வராவிட்டால், எழுதுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, அழிப்பதற்குத்தான் இருக்கிறது. பதில் வந்தால், அந்தப் பதிலே பெரும்பாலும் உதவி வாசகமாகிவிடும். போன் நம்பர் கட்டத்துக்குக் கீழே நாங்கள் எழுதியதும் அப்படி வந்ததுதான்: "டெலிவரிக்கு வருபவர் வழி கேட்பதற்கு மட்டும். விளம்பர மெசேஜ் வராது." இப்படி எழுதினால், விளம்பர மெசேஜ் உண்மையிலேயே அனுப்பக் கூடாது. பாய் ஒத்துக்கொண்ட பிறகுதான் அந்த வரியைப் போட்டேன்.

பின்கோடை முகவரியின் தலைக்குக் கொண்டுவந்தோம். அதைப் போட்டதும் ஊரும் மாநிலமும் தானாக நிரம்பும், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பின்கோடின் கீழ் பல கிராமங்கள் வரும் என்பதால் ஊரைப் பூட்டி வைக்கக் கூடாது. கட்டம் இப்படி அமைந்தது:

```html
<label for="pin">பின்கோடு</label>
<input id="pin" name="pin" inputmode="numeric"
       autocomplete="postal-code" maxlength="7"
       aria-describedby="pin-help">
<p id="pin-help">6 எண்கள். ஆம்பூர் டவுனுக்கு 635802</p>
```

`inputmode` இருந்தால் போனில் எண் விசைப்பலகை திறக்கும். `autocomplete` இருந்தால், போனில் ஏற்கனவே சேமித்த முகவரி ஒரே தொடுதலில் வந்து உட்காரும். `maxlength` ஏன் 7 என்றால், பலரும் 635 802 என்று இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். அந்த இடைவெளியை நீக்குவது நிரலின் வேலை, அதற்காக வாங்க வந்தவரைத் திட்டக் கூடாது. உதவி வரியைக் கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் வைக்காமல் வெளியே வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. உள்ளே வைத்தால் முதல் எண்ணை அடித்ததுமே அது மறைந்துவிடும், எத்தனை எண் என்ற சந்தேகம் வரும் நேரத்தில் பதில் அங்கே இருக்காது. வேறு சிலர் அதை ஏற்கனவே நிரப்பியது என்று நினைத்து விட்டுவிட்டுப் போவதையும் பார்த்தோம்.

பிழை வாசகம் "தவறான உள்ளீடு" என்று இருந்தது. எது தவறு, எப்படித் திருத்துவது என்ற இரண்டும் அதில் இல்லை. மாற்றி எழுதியது: "பின்கோடில் 6 எண்கள் வேண்டும், இப்போது 5 இருக்கின்றன." அதுவும் கட்டத்துக்குக் கீழேயே, அடித்து முடித்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்த பிறகு. இரண்டாவது எண்ணை அடிக்கும்போதே சிவப்பைக் காட்டினால் ஆள் பதறிவிடுகிறார்.

முகவரிக்கு முன்னால் ஓடிபி போட்டுக் கணக்கு தொடங்கச் சொல்லும் ஒரு பக்கமும் இருந்தது. வெப்சைட்டுகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேரட் ஸ்பூல் 2009-இல் எழுதியது இந்தத் துறையில் பலருக்கும் தெரியும்: ஒரு பெரிய கடையில் பதிவு செய்யச் சொல்லும் பட்டனை எடுத்துவிட்டு, `Continue` என்று வைத்து, வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். பாய் கடைக்கு அந்த எண் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் செருப்பு வாங்க வந்தவரிடம் கணக்கு கேட்பது இங்கேயும் தேவையில்லாத வேலைதான். பக்கத்தை எடுத்தோம். ஆர்டர் முடிந்த பிறகு, விருப்பம் இருந்தால் கணக்கு தொடங்கலாம் என்று கேட்கிறோம்.

இனி பட்டன்கள். முதல் இரண்டு பக்கங்களிலும் "தொடர்க" என்றே இருந்தது. எங்கே தொடர்வது, இத்தோடு பணம் போய்விடுமா என்று தெரியாமல் அழுத்தத் தயங்கினார்கள். அதை "அடுத்து: முகவரி", "அடுத்து: பணம் கட்டும் முறை" என்று மாற்றினோம். அழுத்தினால் என்ன வரும் என்பதைப் பட்டனே சொல்லிவிடுகிறது.

கடைசியான மூன்றாவது பட்டனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடியாத்தத்து அம்மா ஒருவர், லுங்கி நெய்கிற குடும்பம். செருப்பு ₹1,390, டெலிவரி ₹60. கேஷ் ஆன் டெலிவரியைத் தேர்ந்தெடுத்தார். கீழே பட்டன் "இப்போது செலுத்து" என்றே இருந்தது, மாறவில்லை. கட்டை விரல் அதன் மேலேயே நின்றது. "கையில குடுக்கறேன்னு தானே போட்டேன், இப்ப இன்னாத்துக்குக் கட்டச் சொல்லுது?" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார். மறுபடி வந்தார். இந்த முறை மொத்தம் ₹1,490 என்று இருப்பதைக் கவனித்தார். கேஷ் ஆன் டெலிவரிக்கு ₹40 கூடுதல், அதை அதுவரை எங்கேயும் எழுதவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டார். எங்களுக்காக உட்கார்ந்தவர் என்பதால் வைத்ததோடு நின்றார். வீட்டில் தனியாக இருந்திருந்தால் பக்கத்தையே மூடியிருப்பார்.

இதில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பட்டன் அவர் தேர்ந்தெடுத்ததற்கு எதிராகப் பேசுகிறது. தொகை கடைசி நிமிடத்தில் ஏறுகிறது. இரண்டாவதை வாசகத்தால் மறைக்கவே கூடாது. இந்திய அரசின் 2020 மின்வணிக விதிகள், எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையை ஒரே எண்ணாகவும், அதன் பிரிவுகளைத் தனியாகவும் காட்டச் சொல்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக விலை ஏற்றுவதை வாங்குபவரை ஏமாற்றும் திரை உத்திகளுக்கு எதிரான 2023-இன் டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்கள் பெயர் சொல்லியே தடுக்கின்றன. கூடைப் பக்கத்திலேயே மூன்று வரி எழுதினோம்: "செருப்பு ₹1,390. டெலிவரி ₹60. இப்போதே கட்டினால் மொத்தம் ₹1,450, வீட்டில் கொடுத்தால் ₹1,490." ₹40 ஏன் என்று பாயிடம் கேட்டேன், கூரியர் கம்பெனி பணம் வசூலிக்க வாங்குவதாகச் சொன்னார். அதையும் பக்கத்தில் எழுதினோம்.

பட்டன் இப்போது தேர்வுக்குத் தகுந்தபடி மாறும். யூபிஐ அல்லது கார்டு என்றால் "₹1,450 செலுத்த". கேஷ் ஆன் டெலிவரி என்றால் "ஆர்டர் போட", அதற்குக் கீழே "இப்போது பணம் எதுவும் போகாது. செருப்பு கைக்கு வந்ததும் ₹1,490 கொடுங்கள்." முன்பிருந்த "செலுத்து" பாய்க்குப் பிடிக்கவே இல்லை, வாங்க வந்தவங்களை அதட்டுற மாதிரி இருக்குன்னார். "செலுத்தவும்" சுற்றறிக்கை போல இருந்தது. "செலுத்த" என்பது கவுன்டர் பலகைகளில் நாம் தினமும் படிப்பது, அதட்டலும் இல்லை, நீளமும் இல்லை. நீளம் முக்கியம். 360 பிக்சல் அகலத் திரைகளில் தமிழ் வாசகம் சட்டென்று இரண்டு வரியாக உடையும், உடைந்தால் தொகை ஒரு வரியிலும் வினை மறு வரியிலும் நிற்கும். தொகையை முதலில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பாயின் மச்சான் பையன் "2 ஜோடி மட்டுமே பாக்கி!" என்றும், வெளியேறுகிறவர்களுக்கு "வேண்டாம், எனக்கு மட்டமான செருப்பே போதும்" என்ற பட்டனும் வைக்கலாம் என்றான். முதலாவது உண்மையாக இருந்தால் வைக்கலாம், குடோனில் இருநூறு ஜோடி இருக்கும்போது அது பொய். இரண்டாவது, ஆளைக் குறுகவைத்து வாங்கவைப்பது. இரண்டுமே அதே 2023 வழிகாட்டுதல்களின் பட்டியலில் இருக்கின்றன. அது இல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். ஒரு முறை அவமானப்பட்டவர் அந்தக் கடைக்குத் திரும்ப வரமாட்டார்.

பணம் கட்டும் நிமிடத்தில் யூபிஐ சொதப்பினால் என்ன எழுதுவது என்பதைப் பெரும்பாலான கடைகள் யோசிப்பதே இல்லை. தீமில் "பரிவர்த்தனை தோல்வி" என்று மட்டும் இருந்தது. அதே இரண்டு வார்த்தைதான் மூன்று வேறு சூழ்நிலைகளுக்கும் வந்தது. வாங்குபவரே ரத்து செய்திருக்கலாம். வங்கி மறுத்திருக்கலாம். அல்லது பணம் கழிந்து, கடைக்கு மட்டும் தகவல் வராமல் இருக்கலாம். மூன்றாவதில் தோல்வி என்று எழுதினால் அது பொய்யாகக் கூட ஆகலாம். படித்தவர் மறுபடி கட்டுவார், இரண்டு முறை பணம் போகும், அல்லது பயந்து கடையையே விட்டுவிடுவார்.

அதனால் மூன்றையும் பிரித்தோம். ரத்து செய்தால்: "பணம் கட்டவில்லை. உங்கள் செருப்பும் முகவரியும் இங்கேயே இருக்கின்றன." வங்கி மறுத்தால்: "வங்கி இந்தப் பணத்தை ஏற்கவில்லை. உங்கள் கணக்கில் பணம் கழியவில்லை. வேறு முறையில் கட்டலாம்." இந்த நடு வரியை, வங்கிக்கும் கடைக்கும் நடுவில் பணத்தைக் கைமாற்றும் கேட்வே உறுதியாக மறுப்பு என்று சொன்னால் மட்டுமே காட்டுகிறோம். தகவல் வராமல் இருந்தால்: "உங்கள் வங்கியில் இருந்து பதில் இன்னும் வரவில்லை. கணக்கில் பணம் கழிந்திருந்தால் மறுபடி கட்ட வேண்டாம். பணம் எங்களுக்கு வந்து சேர்ந்ததும் ஆர்டர் உறுதியாகி எஸ்எம்எஸ் வரும். வராவிட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளுக்குள் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும்." அந்த 5 நாள் கடை கொடுக்கும் சலுகை இல்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை, கடைக்கு யூபிஐயில் கட்டிய பணத்துக்கு வைத்த கெடு அது. கெடு தாண்டினால் ஒரு நாளைக்கு ₹100 இழப்பீடும் உண்டு. கீழே ஆர்டர் எண்ணும் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஒரு பட்டனும் வைத்தோம். பணம் மாட்டிக்கொண்டவருக்கு முதலில் வேண்டியது பேச ஒரு ஆள்.

இதனால் விற்பனை எவ்வளவு கூடியது என்று பாயின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். சின்னக் கடையில் இதை நேர்மையாக அளப்பது கடினம். செக்அவுட் தொடங்கியவர்களில் 30 சதவீதம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புது வாசகம் அதை 33 ஆக்குகிறதா என்று பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது காட்டிச் சோதிக்க வேண்டுமானால், இத்துறையில் வழங்கும் தோராயக் கணக்கு இது. p இப்போதைய விகிதம், d எதிர்பார்க்கும் வித்தியாசம், n ஒவ்வொரு பாதிக்கும் வேண்டிய ஆட்கள்:

```
n ≈ 16 × p × (1 − p) ÷ d²
16 × 0.30 × 0.70 ÷ (0.03)² ≈ 3,733
```

ஒரு பாதிக்கு மட்டும் ஏறக்குறைய 3,700 பேர் வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பேர் செக்அவுட்டுக்கு வரும் கடையில் இரண்டு பாதியும் நிரம்ப எட்டு மாதம் ஆகும். அதற்குள் ரம்ஜான், தீபாவளி, பள்ளித் திறப்பு எல்லாம் வந்து போய்விடும். ஒரு வாரத்து எண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பட்டன்தான் ஜெயித்தது என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

அதனால் நாங்கள் பார்ப்பது எண்ணிக்கையோடு கூட வாட்ஸ்அப் கேள்விகளையும். செக்அவுட்டில் நின்றுகொண்டு ஒருவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், அந்தப் பக்கத்தில் இல்லாத ஒரு வரி. வாரத்துக்கு ஒரு முறை பாயும் நானும் அவற்றைப் படிக்கிறோம். மாவட்டம் பற்றிய கேள்வி நின்றுவிட்டது. "பணம் போச்சு, ஆர்டர் வரல" என்பது இன்னும் வருகிறது, ஆனால் ஆர்டர் எண்ணோடு வருவதால் பாய் உடனே பார்த்துச் சொல்லிவிடுகிறார். இப்போது அதிகம் வருவது, "சைஸ் சேரலன்னா மாத்திக் குடுப்பீங்களா, அனுப்புற செலவு யாரோடது?" மாற்றித் தருகிறார்கள், ஒரு முறை வரை செலவும் கடையுடையது. அது சைட்டில் வேறெங்கோ ஒரு விதிமுறைப் பக்கத்தில் கிடந்தது. இந்த வாரம் அதை எடுத்து, கடைசி பட்டனுக்கு நேர் கீழே ஒரே வரியாக வைத்திருக்கிறோம்: "சைஸ் சேராவிட்டால் 7 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம், முதல் முறை கூரியர் செலவு எங்களுடையது."